தாமதத்துக்கான காரணம்

எங்கள் வீட்டுக்கு அடுத்த போர்ஷனில் இருக்கும் அக்கா விருதுநகர்க்காரர். ஓசூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகங்களைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறார். சென்ற மே மாதம் தங்கை மகளின் சடங்குக்காகத் தனக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஓசூர் ரயில்வே ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நின்று டிக்கெட் எடுத்தார். படிவத்தில் என் கைப்பேசி எண்ணைக் கொடுத்திருந்தார். அதனால், தண்டவாளப் பணிக்காக வண்டி ரத்து என்ற செய்தி எனக்குத்தான் வந்தது.

"அப்போ டிக்கெட்டு காசு?" என்று கேட்டார்.

"தானா வந்துரும்க்கா. நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்."

கல்லூரிக்குச் செல்ல நான் எடுக்கும் டிக்கெட்டுகளெல்லாம் இணையத்தில் எடுப்பவை. வண்டி ரத்தானால் பணம் தானாகக் கணக்குக்குத் திரும்பும். அக்கா ரொக்கமாகக் கொடுத்தார் என்பதையோ, எந்தக் கணக்குக்கு அது திரும்பும் என்பதையோ நான் யோசிக்கவே இல்லை. பள்ளி திறக்கும்போது மகளுக்கு ஷூ வாங்க வைத்திருந்த பணத்தை எடுத்து, அக்கா பஸ்ஸில் ஊருக்குப் போனார்.

வியாழக்கிழமை வண்டி. அடுத்த புதன்கிழமை கதவைத் தட்டினார். "இன்னும் வரலியே பாப்பா." டிக்கெட்டை மடிப்புக் கலையாமல் பர்ஸில் வைத்திருந்தார்.

இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். "வண்டி ரத்தானா மூணு நாளுக்குள்ள இங்க கொண்டாந்து குடுக்கணும்மா. முழுசாக் குடுத்திருப்பேன். இப்ப சிஸ்டம் எடுக்காது."

"தானா அக்கவுண்ட்டுக்கு வரும்னு நெனச்சோம் சார்" என்றேன்.

பின்னால் நின்றவர் சிரித்தார். "கையில குடுத்த காசு கம்பி வழியா வருமாம்மா? காலேஜ்லதான இப்படிச் சொல்லித் தர்றாங்க?"

"நீங்க சும்மா இருங்கண்ணே" என்றார் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை.

கவுண்டர்காரர் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு டி.டி.ஆர். எனப்படும் ஒப்படைப்பு ரசீதைத் தர ஏற்பாடு செய்தார். அதன் அசலோடு மண்டலத் தலைமை அலுவலகத்தின் ரீஃபண்ட் பிரிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயண நாளிலிருந்து பத்து நாள்தான் கெடு. "இங்கிலீஷ்ல எழுதுங்க. ஏன் லேட்டுன்னு காரணம் போடுங்க. குடுக்கறதும் மறுக்கறதும் அங்கதான்."

வீட்டுக்கு வந்ததும் என் மேசையில் உட்கார்ந்து எழுதினேன். வண்டி எண், ரசீது எண், அக்காவின் வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் தவறாகச் சொன்னதால் என்று எழுதுவதுதான் உண்மை. அதற்குப் பதிலாக, விண்ணப்பதாரர் ஓர் இல்லிட்டரேட் தொழிலாளி, விதிகளை அறியாதவர் என்று எழுதினேன். படிக்கிறவர் இரங்குவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாக்கியம் பிழையின்றி அமைந்திருந்தது.

அக்கா கையெழுத்திடுவதற்கு முன் தாளை எடுத்து, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார். தொழிற்சாலையில் அவர் நாள்தோறும் ஆங்கிலச் சீட்டுகளைப் படித்துத்தான் பொருட்களைச் சரிபார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. விரல் ஓரிடத்தில் நின்றது.

"இல்லிட்டரேட்னா எழுதப் படிக்கத் தெரியாதவதான பாப்பா?"

நான் பேனாவின் மூடியைத் திருகினேன்.

"நான் பன்னெண்டாவது பாஸு. கணக்குல நூத்துக்கு எம்பத்தஞ்சு." விரல் அந்த வரியிலேயே இருந்தது. "இப்படி எழுதினாத்தான் கெடைக்குமோ?"

"அப்படி எழுதினா... சீக்கிரம் பாப்பாங்கக்கா."

"அப்போ இருக்கட்டும். பிள்ளைக்கி ஷூ வாங்கணும்ல."

ஆங்கிலத்தில், சாய்வான அழகிய எழுத்தில் கையெழுத்திட்டார். மேசையின் மேல் ஒரு கட்டு வெள்ளைத் தாள் இருந்தது. தபால் நிலையம் மூட இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு வரியை மாற்றி எழுதப் பத்து நிமிடம் போதும். நான் உறையை ஒட்டினேன்.

ஏழெட்டு வாரம் கழித்துப் பணம் முழுமையாக வந்தது. அக்கா தன் கைப்பேசியை நீட்டிக் காட்டி, "நீ எழுதுனதுலதான் வந்துச்சு பாப்பா" என்று சிரித்தார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். அந்த வரி இல்லாமலும் பணம் வந்திருக்கலாம். வண்டி ரத்தானது ரயில்வேயின் பதிவிலேயே இருக்கிறது. அந்த வரியால்தான் வந்ததா என்பது எனக்குத் தெரியாது, இனித் தெரியப்போவதும் இல்லை. அவர்களுடைய கோப்பில் அக்கா எழுதப் படிக்கத் தெரியாதவராகவே இருப்பார், அவருடைய கையெழுத்துக்கு மேலேயே.

முன்பெல்லாம் எந்தப் படிவம் வந்தாலும் வெற்றுத் தாளாக என்னிடம் கொண்டுவருவார். சென்ற வாரம் மகளின் உதவித்தொகைப் படிவத்தோடு வந்தார். எல்லாக் கட்டங்களும் அந்தச் சாய்வான எழுத்தில் நிரம்பியிருந்தன.

"எழுதிட்டேன். சரியா இருக்கான்னு மட்டும் பாரு பாப்பா."

தாயின் கல்வித் தகுதி என்ற கட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதி, பேனாவை அழுத்தி அடிக்கோடு இட்டிருந்தார். எங்கும் ஒரு பிழையும் இல்லை. திருப்பிக் கொடுக்கும்போது அந்த ரீஃபண்ட் விண்ணப்பத்தில் நான் எழுதிய வரியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "சரியா இருக்குக்கா" என்று மட்டும் வந்தது.