ஈரக் கொழுந்தின் எடை

யாழ்ப்பாணத்திலிருந்து வட்டகொடைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு வந்த யசோதினி டீச்சர் அன்று காலைக்கூட்டத்தில் பிள்ளைகள் முன் பேச வந்தார். ஏழாம் ஆண்டு மாணவி பவதாரிணி சிறுநீரக நோயில் இறந்துபோயிருந்தாள். போன மாதம் பள்ளியில் எடை பார்த்தபோது அதிகம் ஏறியவள் அவள்தான். கைதட்டச் சொன்னதும் டீச்சர்தான்.

“எடை கூடினால் சுகம் என்று நம்பாதீர்கள். சதை எது, வீக்கத்து நீர் எது என்று தராசுக்குத் தெரியாது. முகம் வீங்கியிருக்கிறதா, காலை அழுத்தினால் குழி விழுகிறதா, சோர்வா, மூச்சு வாங்குகிறதா, எல்லாம் பார்க்கவேண்டும். ஒற்றை எண் உடம்பைச் சொல்லாது.”

வாசலில் நின்ற பவதாரிணியின் தாய் செல்லாயி கேட்டாள்:

“மழையில நனைஞ்ச கொழுந்த நிறுக்கையில தண்ணி பாரத்தக் கழிச்சிருவாங்க டீச்சர். எம்புள்ள ஒடம்புல ஏறுன தண்ணிக்கு மட்டும் ஏங்க கைதட்டுனீங்க?”