குரல் கேட்காத அழைப்புகள்

உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் எங்கள் கோல் சென்டர் இருந்தது. ஒரு தொலைபேசி நிறுவனத்துக்கு வரும் தமிழ் அழைப்புகளை அங்கே நாங்கள் எடுத்தோம். ஏழு வருடம் ஹெட்செட் மாட்டிய பிறகு என்னைப் பயிற்சியாளராக்கினார்கள். அந்த வருட மாரி தொடங்கும்போது மனேஜர் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு கையேடு எழுதித் தரச் சொன்னார். அதுவரை எங்களிடம் இருந்தவை, மேசைகளில் ஒட்டியிருந்த சில தாள்கள் மட்டும்தான். அவற்றையும் நான்தான் எழுதியிருந்தேன்.

ஒவ்வொரு பாடத்துக்கும் முதலில் கற்றல் நோக்கம் எழுத வேண்டும். "புரிந்துகொள்வார்", "அறிந்திருப்பார்" என்று எழுதினால் மனேஜர் சிவப்புக் கோடு போடுவார். ஒருவர் புரிந்துகொண்டதை எப்படி அளப்பது? செய்வதைப் பார்க்கக்கூடிய சொல்தான் வேண்டும்: சொல்வார், பதிவார், முடிப்பார். நோக்கத்துக்குப் பிறகு விளக்கம், பிறகு ஒரு மாதிரி அழைப்பு, கடைசியில் பயிற்சி. மாதிரிகளுக்காகப் பழைய ரெக்கோடிங்குகளைக் கேட்டேன். நல்லதாகப் பட்டவற்றிலிருந்து பெயர், இலக்கம், முகவரி எல்லாவற்றையும் வெட்டி நீக்கினேன்.

ஆறாம் பாடம் குரல் கேட்காத அழைப்பு. மணி அடிக்கும், எடுத்தால் எதிர்ப்பக்கம் ஒருவரும் பேச மாட்டார்கள். நான் எழுதிய நோக்கம் இதுதான்: "இப்பாடத்தின் முடிவில் பயிலுநர், குரல் கேட்காத அழைப்பை இருபது விநாடிக்குள், குறித்த மூன்று வசனங்களைச் சொல்லி முடிப்பார்." வசனங்கள் தாளில் ஏற்கெனவே இருந்தவை. வணக்கம், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்? உங்கள் குரல் எமக்குக் கேட்கவில்லை. அழைப்பை இப்போது துண்டிக்கிறேன், நன்றி.

மாதிரிக்கு நான்கு ரெக்கோடிங் எடுத்தேன். நான்கிலும் கரகரவென்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்கு அடியில் அழைப்பை எடுத்த எங்கள் ஏஜென்ட் பெண்ணின் குரல் மெல்லியதாகத் திரும்பி வந்தது. "எதிரொலி, பொருட்படுத்த வேண்டாம்" என்று பக்கத்தில் குறிப்பு எழுதினேன்.

கையேட்டை அச்சுக்குக் கொடுக்க முன்னர், புதிதாக வந்த ஆறு பேரை வைத்து ஒரு தடவை நடத்திப் பார்த்தேன். ஒருவர் வாடிக்கையாளராக நடிக்க வேண்டும், ஒருவர் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பட்டியலில் அடையாளமிட வேண்டும். ஆறாம் பாடத்தில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தபடி மூன்று வசனங்களையும் சொல்லித் தேறினார்கள். மூதூரிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை மட்டும் ஹெட்செட்டைக் கழற்றவில்லை. இரண்டாவது ரெக்கோடிங்கைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை, விளங்கேல்லையா?"

"மிஸ், இதில எதிரொலி முதல்ல வருது."

"எப்பிடி?"

"நம்மட ஆள் 'வணக்கம்' சொல்ல முன்னமே அந்தக் குரல் கதைக்குது. கேட்டுப் பாருங்க."

பகல் பதினொரு மணி. ஜன்னலுக்கு வெளியே மாவு ஆலைக்கு வந்த கப்பலொன்று மழையில் நின்றது. நான் ஹெட்செட்டை வாங்கி மாட்டினேன். கரகரப்பு. பிறகு எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, "ஹலோ… கேக்குதா?" அதற்குப் பிறகுதான் எங்கள் ஏஜென்ட்டின் வணக்கம். அந்தக் குரலைத்தான் நான் நான்கு தடவை கேட்டு, நான்கு தடவையும் எதிரொலி என்று எழுதியிருந்தேன்.

அன்று பின்னேரம் வெட்டாத மூலப் பதிவுகளைத் திறந்தேன். நான்கும் ஒரே இலக்கத்திலிருந்து வந்தவை. மூதூருக்குப் பக்கத்தில், கட்டைபறிச்சானில் ஒரு வீட்டு லைன். தேடத் தேட இன்னும் வந்தன. மாரி தொடங்கிய நாளிலிருந்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு பிள்ளைகள் எடுத்து, இருபது விநாடிக்குள் முடித்து, "குரலற்ற அழைப்பு" என்று சரியாகப் பதிந்து மூடியிருந்தார்கள். பிழை ஒன்றுமே இல்லை. எல்லோரும் நல்ல புள்ளி எடுத்திருந்தார்கள்.

அந்த இலக்கத்துக்குப் போன் அடித்தேன். எந்த நேரம் அடித்தாலும் லைன் பிஸி. பழுது திருத்தும் பிரிவுக்கு எழுதினேன். வாடிக்கையாளர் முறைப்பாடு தராமல் ஆளனுப்ப ஏலாது என்று பதில் வந்தது. மனேஜரிடம் போனேன்.

"அந்த லைனில ஒரு ஆள் கதைக்கிறா, சேர்."

"எங்கட வேலை கோல் எடுக்கிறது, வீடு தேடிப் போறதில்லை" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழமை உங்கட லீவு. நீங்கள் எங்க போறீங்கள் எண்டு நான் கேக்கமாட்டன்" என்றார்.

சனிக்கிழமை அந்த மூதூர்ப் பிள்ளை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நானும் ஏறினேன். கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாக இருந்தன. மூதூரில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். வயல்களெல்லாம் வெள்ளம். முகவரியில் இருந்த வீடு வயல் ஓரத்தில் தனியாக நின்றது. படலையடியில் நின்று கூப்பிட்டோம். இரண்டாம் தடவை கூப்பிட்டபோது கதவு கொஞ்சமாகத் திறந்தது.

அறுபது வயதைத் தாண்டிய பெண். முன்னர் மருத்துவிச்சியாக வேலை செய்தவர் என்று பிறகு சொன்னார். நான் தொலைபேசி நிறுவனத்திலிருந்து வந்ததாகச் சொன்னதும், அவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை. சொன்னதைத் திரும்பச் சொல்லும்படி கேட்டார். சொன்னேன்.

"நான் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குதோ?"

"ஓம் அம்மா, நல்லாக் கேக்குது."

அவர் அருகிலிருந்த கதிரையில் இருந்துவிட்டார்.

ஒரு மாதத்துக்கு மேலாக அவர் போனில் எவருடனும் பேசவில்லை. ரிசீவரை எடுத்தால் இரைச்சல்தான். கைபேசி வைத்திருக்கவில்லை. சில நாட்களில், மழை பலமாகப் பெய்யும்போது, ஒருவரும் தொடாமலே போன் 'டிங்… டிங்டிங்' என்று சிணுங்கும். எடுத்தால் தூரத்தில் ஒரு பெண்ணின் குரல்.

"ஒவ்வொரு தடவையும் வேற வேற பிள்ளை. ஆனா எல்லாரும் ஒரே கதைதான், ஒரே மாதிரி. உங்கள் குரல் எமக்குக் கேட்கவில்லை எண்டு. நான் கத்துவன். நான் இருக்கிறன், இருக்கிறன் எண்டு கத்துவன். நன்றி சொல்லிப்போட்டு வைச்சிருவினம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தனிய இருக்கிறன் பிள்ளை. நான் செத்துப்போனது எனக்குத் தெரியேல்லையோ எண்டு நினைச்சனான். செத்த ஆக்களுக்கு இப்பிடித்தான் சொல்லுவினமோ எண்டு."

அந்த வசனங்களை நான் ஒரு மத்தியானம், தேநீர் குடித்தபடி எழுதினேன். மரியாதையாக இருக்கவேண்டுமென்று 'எமக்கு' என்று போட்டேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்தது. அலுமாரிக்குப் பக்கத்து மேசையில் போன் சிணுங்கியது. முழுதாக ஒரு மணியல்ல, கரண்டி நுனியால் கோப்பையைத் தட்டினதுபோல. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். ரிசீவர் அதன் இடத்தில் கிடந்தது.

"எடுங்கோ" என்றார் அவர்.

எடுத்தேன். இரைச்சல். அதற்குள்ளே, "வணக்கம், நான் உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" யாரென்று உடனே தெரிந்தது. என் பக்கத்து மேசைக்காரி. மூன்று வருடமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம்.

"நான்தான்! கட்டைபறிச்சானில நிண்டு கதைக்கிறன். வைக்காதேங்கோ!"

"உங்கள் குரல் எமக்குக் கேட்கவில்லை."

"கேளுங்கோ, நான்தான்! வைக்காதேங்கோ!"

"அழைப்பை இப்போது துண்டிக்கிறேன், நன்றி."

அவள் குரலில் ஒரு குறையும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் நிறுத்தி, நான் சொல்லிக்கொடுத்த இடத்தில் தாழ்த்தினாள். ரிசீவரை வைத்தேன். அந்த அம்மா என்னையே பார்த்தார். "பாத்தீங்கள்தானே" என்று மட்டும் சொன்னார்.

அவரிடம் முறைப்பாட்டை அங்கேயே எழுதி வாங்கினேன். இரண்டு நாளில் லைன்காரர் போனார். வயலோரத் தூணில் கேபிள் பொருத்து முழுக்கத் தண்ணீர். "தண்ணி உள்ளுக்குப் போனா லைன் தன்பாட்டில விட்டு விட்டுப் பிடிக்கும், பழைய டயலைச் சுத்தின மாதிரி" என்று எனக்கு விளக்கினார். "எக்ஸ்சேஞ்ச் அதை இலக்கம் எண்டு எடுத்திரும். உங்கட ஹொட்லைன் இலக்கம் சின்னன்தானே, லேசில விழும்." பொருத்தை மாற்றினார். அன்று பின்னேரமே அம்மா எனக்குப் போன் அடித்தார். பேச ஒன்றும் இருக்கவில்லை. நான் கேட்கிறேனா என்று மட்டும் கேட்டு, கேட்கிறது என்றதும் வைத்துவிட்டார்.

அதற்கு முன்பே, திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும், அந்த வீட்டிலிருந்து நான் பேசிய அழைப்பைத் தேடிக் கேட்டிருந்தேன். கரகரப்புக்கு அடியில் ஏதோ ஒன்று முனகியது. என்னுடைய குரலென்று நானே சொல்லியிருக்க மாட்டேன்.

ஆறாம் பாடத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். புதிய நோக்கம்: "பயிலுநர், முழு அமைதி, இரைச்சல், மெலிந்த குரல் ஆகிய மூன்றையும் கேட்டுப் பிரித்துச் சொல்வார், அதே இலக்கத்திலிருந்து முன்னர் வந்த அழைப்புகளைப் பார்ப்பார், திருப்பி அழைப்பார், ஒன்றுக்கு மேற்பட்டால் பழுதாகப் பதிவார்." அழைப்பு நேரம் கூடும் என்று மனேஜர் முகம் சுளித்தார். அவருக்கு என் ரெக்கோடிங்கைப் போட்டுக் காட்டினேன். இது யார் சேர் என்று கேட்டேன். ஆளே இல்லை, வெறும் சத்தம் என்றார். அது நான்தான் என்று சொன்னேன். கையெழுத்து வைத்தார். அந்தப் பதிவே இப்போது முதலாவது பயிற்சி.

இரண்டாவது பயிற்சியில்தான் தடக்குப்பட்டேன். மூதூர்ப் பிள்ளை கண்டுபிடித்த அந்தப் பதிவையே வைக்க நினைத்து, அம்மாவிடம் சம்மதம் கேட்கப் போன் செய்தேன். சம்மதம் தந்தார், பதிவின் திகதியைக் கேட்டார். சொன்னேன்.

"அண்டைக்கு நான் வீட்டில இல்லைப் பிள்ளை. அந்த ரெண்டு கிழமையும் சாம்பல்தீவில தங்கச்சி வீட்டில நிண்டனான். வீடு பூட்டு. பூட்டின திறப்பு என்னட்டத்தான்."

லைன்காரரிடம் கேட்டேன். நனைந்த கேபிளில் பக்கத்து வீட்டு லைனின் பேச்சும் கலந்து வரும் என்றார். சரியாகத்தான் பட்டது. அந்தப் பிள்ளையும் நானும் மறுபடி இருந்து கேட்டோம். அது அம்மாவின் குரல்தான் என்றாள் அவள். எனக்கு அப்படியும் இருந்தது, இல்லாமலும் இருந்தது. "ஹலோ… கேக்குதா?" என்ற பிறகு அந்தக் குரல் பதிலுக்காகக் காத்திருந்தது. எங்கள் ஏஜென்ட் வணக்கம் சொன்னதும், அதைக் கேட்டதுபோல, அத்தோடு நின்றுவிட்டது.

விடைப்பக்கத்தில், "பக்கத்து இணைப்பின் குரல் கலந்திருக்கலாம்" என்று எழுதினேன். அச்சுப்படி பார்க்கும்போது அந்தப் பிள்ளை அந்த வரியில் பென்சிலை வைத்தாள்.

"மிஸ், கலந்திருக்கலாமா, கலந்திருக்கா? விடையெண்டா ஒண்டுதானே எழுதணும்."

அவள் சொன்னது சரி. 'இருக்கலாம்' என்பதை அளக்க முடியாது. ஆனாலும் அதை மாற்றாமலே அச்சுக்கு அனுப்பினேன்.