ஐந்து முள்கரண்டிகளும் ஒரு வேனும்

“…பைய வரும் லே, நீ சும்மா இரு. முப்பது பேரு ஒத்த மெசின்ல ஏறி உக்காந்திருக்கோம். அதுக்கும் மூச்சு வாங்கத்தான செய்யும்” என்றான் என் நண்பன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பாளையங்கோட்டையில் நாங்கள் எம்.சி.ஏ. படித்த கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப். அன்று செய்முறைத் தேர்வு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஒரு மூலையில் ஒரே ஒரு யுனிக்ஸ் மெசின்; அதிலிருந்து வயர் இழுத்து வரிசையாகத் திரையும் விசைப்பலகையும். எல்லோருடைய வேலையையும் அந்த ஒற்றை மெசின்தான் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். ஒரு புரோகிராமை ஏவிவிட்டு டீ குடித்து வந்தாலும் பதில் வந்திராது. “பொறுத்தார் பூமி ஆள்வார், பொறுக்காதவர் ரீபூட் பண்ணுவார்” என்பது எங்கள் வகுப்புப் பழமொழி. காத்திருக்க எங்களைப் போல் பழகினவர்கள் கிடையாது.

அவன் புன்னக்காயல்காரன். அப்பா கடலுக்குப் போகிறவர். நெஞ்சுவலி என்று இரண்டு நாளாகப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தார். இங்கே முடியாது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் வேன் கிளம்ப வேண்டும். “நீ பரீச்சைய முடிச்சிட்டு ஓடி வா, சேர்ந்து போவோம். ரொம்ப நேரம் நிக்க முடியாது கேட்டியா” என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். அப்பாவும் கையைப் பிடித்துக்கொண்டு, “எழுதாம வந்திராத. நான் எங்க போயிரப்போறேன்” என்றாராம். காலையில் லேப் வாசலில் அதைச் சொல்லும்போது அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

சீட்டு எடுத்ததில் அவனுக்கு வந்தது சாப்பிடும் தத்துவஞானிகள். அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வட்ட மேசையில் ஐந்து ஞானிகள். இரண்டு பேருக்கு நடுவில் ஒன்றாக ஐந்து முள்கரண்டிகள். சாப்பிட வேண்டுமென்றால் இடப்பக்கத்ததும் வலப்பக்கத்ததும் இரண்டும் வேண்டும். பக்கத்து ஆள் கையில் இருந்தால் அவன் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. ஐவரையும் ஐந்து தனித்தனி வேலைகளாக மெசினில் ஓடவிட்டு, எல்லோரும் பசியாறி எழுந்ததைக் காட்ட வேண்டும்.

அவனுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. முந்தின வாரம் பத்துத் தடவை ஓட்டியிருப்பான், ஒரு தடவையும் நிற்கவில்லை. அன்றும் நிற்கவில்லை, முதல் ஆளாக முடித்துவிட்டான். கையெழுத்து வாங்கி ஓட வேண்டியதுதான் பாக்கி.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர்தான். “ரொம்ப வேகமா ஓடுதேப்பா, ஒண்ணும் பாக்க முடியல. முதல் கரண்டி எடுத்ததும் ஒரு செகண்டு நிக்கச் சொல்லு, அப்புறம் ரெண்டாவத எடுக்கட்டும். வாறேன்” என்று அடுத்த வரிசைக்குப் போனார். அவர் கேட்டது நியாயம்தான். ஒரே ஒரு வரி சேர்த்தான். ஏவினான்.

ஒன்றாமவன் இடது கரண்டியை எடுத்தான் என்று திரையில் ஒரு வரி. இரண்டாமவன், மூன்றாமவன், நான்காமவன், ஐந்தாமவன். ஐந்து வரிகள். அதோடு சரி.

அப்போதுதான் அவன் பைய வரும் என்றான். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். நானும் அடுத்த நாற்காலியில் என் கணக்கைத் தட்டிக்கொண்டு, மெசின்தான் திணறுகிறது என்றே நம்பினேன். கையெழுத்தில்லாமல் எழுந்து போனால் ஒரு வருடம் போச்சு. எழுந்து போகாவிட்டால் வேன் போச்சு. அவன் கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. இடையில் ஒரு தடவை நிறுத்திவிட்டு மறுபடி ஏவினான். மறுபடியும் அதே ஐந்து வரிகள்.

நேரம் போனது. ஒவ்வொருவராக முடித்து வெளியேறினார்கள். லேப்பில் கால்வாசிப் பேர்கூட இல்லை. என் புரோகிராம் இப்போது சட்டென்று ஓடியது. அவன் திரை மட்டும் அசையவில்லை. மெசினில் எந்த வேலை எவ்வளவு நேரம் உழைத்தது என்று காட்டும் பட்டியலை என் திரையில் கூப்பிட்டேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிட்டேன். அவனுடைய ஐந்தும் முதலில் இருந்த அதே எண்ணில் நின்றன. மெதுவாக ஓடுகிறவன் கொஞ்சமாவது ஓடியிருப்பான். இது ஓடவே இல்லை.

“லே, இது பைய வாற கேஸ் இல்ல” என்றேன். “நீ நாளைக்கு வரைக்கும் உக்காந்தாலும் வராது.”

அவன் என் திரையைப் பார்த்தான். கேள்விச் சீட்டைத் திருப்பி ஐந்து வட்டங்கள் போட்டான்.

முன்பெல்லாம் ஒருவன் தன் முறை வந்ததும் இரண்டு கரண்டியையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவான், அதனால்தான் ஓடியது. நடுவில் ஒரு செகண்டு நிற்கச் சொன்னதும், ஐவரும் ஆளுக்கொரு இடது கரண்டியோடு நின்றுவிட்டார்கள். ஒவ்வொருவனுக்கும் வேண்டியது வலப்பக்கத்து ஆள் கையில். கையில் இருப்பதை எவனும் கீழே வைக்க மாட்டான். ஒன்றாமவன் இரண்டாமவனுக்காக, இரண்டாமவன் மூன்றாமவனுக்காக, கடைசியில் ஐந்தாமவன் ஒன்றாமவனுக்காக. காத்திருப்பு வட்டம் சுற்றி மூடிக்கொண்டது. பிழை முன்பும் உள்ளேதான் இருந்திருக்கிறது.

“கரண்டிக்கு நம்பர் போட்டு, எவனா இருந்தாலும் சின்ன நம்பரத்தான் முதல்ல எடுக்கணும்னு வச்சிட்டா?” என்று தனக்குத்தானே முணுமுணுத்தான். நாலு பேருக்கு ஒன்றும் மாறாது, இடதுதான் சின்ன எண். ஐந்தாமவனுக்கு மட்டும் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஒன்று. அவன் இனி ஒன்றைத்தான் முதலில் கேட்க வேண்டும். இரண்டே வரிகளை மாற்றினான். அந்த ஒரு செகண்டை எடுக்கவில்லை.

இந்தத் தடவை நான்கு வரிகள் வந்தன. ஐந்தாமவன் வெறுங்கையோடு நின்றான். ஒன்றாம் கரண்டி ஒன்றாமவன் கையில். அதனால் ஐந்தாம் கரண்டி மேசையிலேயே கிடந்தது. நான்காமவன் அதை எடுத்துச் சாப்பிட்டான், வைத்தான். பிறகு மூன்றாமவன், இரண்டாமவன், ஒன்றாமவன். கடைசியில் ஐந்தாமவனும்.

தேர்வாளர் பின்னால் வந்து நின்றிருந்தார். “இனி நிக்காதுன்னு எப்படிச் சொல்லுத?”

“எவனும் கையில வச்சிருக்கத விடப் பெரிய நம்பருக்குத்தான் சார் காத்திருப்பான். வட்டமா மூடணும்னா ஒருத்தனாவது பெரிசக் கையில வச்சிட்டு சின்னதுக்கு நிக்கணும். அதுக்கு வழியில்ல. இருக்கதுல பெரிய கரண்டி வச்சிருக்கவன யாரும் தடுக்க முடியாது. அவன் தின்னுட்டு எந்திச்சா அடுத்தவனுக்குக் கிடைக்கும்.” சரியாகச் சொன்னான். அதற்குமேல் சரியாக யாராலும் சொல்ல முடியாது.

இன்னொரு தடவை ஏவிக் காட்டச் சொல்லிவிட்டு அவர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது லேப் உதவியாளர் கதவைத் திறந்தார். எல்லோரையும் தம்பி என்று அழைக்கும் அண்ணாச்சி. அன்று தரையைப் பார்த்தபடி நின்றார்.

“தம்பி, ஆபீசுக்குப் போன் வந்திச்சி. ஒங்க மாமா. ஒன்னயப் பாத்துப் பாத்து, வேன் முன்னமே கிளம்பிட்டாம்.”

“இப்ப பஸ் ஏறினா மதுரைல பிடிச்சிரலாம்லா அண்ணாச்சி?”

“மதுரைக்குப் போவல தம்பி. கயத்தாத்துலயிருந்து வண்டி திரும்பி வருதாம்.”

மதுரைக்குப் புறப்பட்ட வேன் பாதி வழியில் எதற்குத் திரும்பும் என்று அங்கிருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தேர்வாளர் பேனாவை மூடவில்லை. திரையில் ஞானிகள் மறுபடி சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். வரி வரியாக, தடங்கலில்லாமல்.

நான் அவன் தோளைத் தொட்டேன். அவனுக்குத் தெரிந்ததாகவே இல்லை. புரோகிராமை நிறுத்தினான். மெசினிலிருந்து முறைப்படி லாக்-அவுட் செய்தான். நாற்காலியை மேசைக்குள் தள்ளினான். அண்ணாச்சியைத் தாண்டி, வாசலில் எங்கள் எல்லோருடைய செருப்பும் குவிந்து கிடந்த இடத்தைத் தாண்டி, வெறுங்காலோடு வெயிலில் இறங்கி நடந்தான்.