இருநூற்றுப் பன்னிரண்டு முகங்களும் ஒரு சாம்பல் ஜன்னலும்

இரும்புலியூரில் எங்கள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு அன்று மூன்று மணிக்கு சிங்கப்பெருமாள் கோவிலில் மகளின் வளைகாப்பு. பிளஸ் டூ பிள்ளைகளின் இருநூற்றுப் பன்னிரண்டு போட்டோக்களையும் சின்னதாக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். அக்கா கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பெயின்ட் செயலியில் திறந்து சுருக்குபவர். கணக்கு போட்டால் சாயங்காலம் ஆகிவிடும்.

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்க்கா" என்று முந்தின நாளே நான் வாயை விட்டிருந்தேன். கணக்கு டீச்சர்தான், ஆனாலும் போனைப் பார்த்துப் பைத்தான் என்ற நிரல்மொழி கற்றுக்கொண்டவள். அந்தத் திமிர்.

பைத்தானோடு வரும் டிகின்டர் என்ற கருவியில், படங்களை இழுத்துப் போட ஒரு சாம்பல் நிற ஜன்னலைத் திரையில் செய்தேன். வெளியிலிருந்து இழுத்துப் போடும் கோப்பை வாங்க அதற்குத் தனியாகத் தெரியாது. Tkinterdnd2 என்ற துணை வேண்டும். படத்தைச் சுருக்குவது பில்லோ என்ற இன்னொரு துணை. முகம் நசுங்காமல் அளவைக் குறைத்து வேறு ஃபோல்டரில் சேமிக்கும். வீட்டில் இட்லி, பூனை, என் கால் என்று கையில் கிடைத்த படங்களையெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஜம்மென்று வேலை செய்தது. நான் சமையலறையில் ஆடியதைப் பூனை மட்டும் பார்த்தது.

காலை பத்து மணிக்கு அக்கா மொத்தத்தையும் அள்ளி ஜன்னல் மேல் போட்டார். கறுப்புத் திரையில் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று ஆங்கிலத்தில் திட்டு வந்தது.

"இன்னா மிஸ் இது, ஒண்ணும் வரலியே?" அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

விழுந்த கோப்புகளின் பட்டியலை அப்படியே திரையில் வரவைத்துப் பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோப்புகளுக்குப் பிள்ளைகளின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்; எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் இனிஷியல் இருக்கிறதே! எஸ், ஒரு இடைவெளி, அப்புறம் பெயர். இடைவெளி உள்ள கோப்பு முகவரியை ஜன்னல் சுருள் அடைப்புக்குறிக்குள் வைத்துத்தான் தருகிறது. நானோ இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டியிருக்கிறேன். இனிஷியல் ஒரு துண்டு, பெயர் ஒரு துண்டு. அப்பனையும் பிள்ளையையும் பிரித்த பாவி! என் பூனைக்கு இனிஷியல் இல்லாததால் வீட்டில் தப்பித்தேன்.

இடைவெளியில் வெட்டும் split இருந்த வரியை அழித்து, அடைப்புக்குறிக்குள் இருப்பதை உடைக்காமல் பிரிக்கும், டிகின்டரிடமே உள்ள splitlist-ஐப் போட்டேன். மாற்றியது அந்த ஒரு வரிதான்.

"இன்னொரு தரம் போடுங்கக்கா."

போட்டார். ஜன்னல் கொஞ்ச நேரம் விறைத்து நின்றது. பிறகு '212 முடிந்தது' என்றது. அக்கா நம்பாமல் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் நேராக, அடக்கமாக, கண் காது மூக்கோடு இருந்தன.

"அய்யோ மிஸ்ஸு!" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். இருவரும் கத்திய கத்தலில் ஹெச்.எம். எழுந்து வந்து, பார்த்து, "சரி சரி, கிளம்புங்க" என்றார். அக்கா தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்து ஓடினார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை, எனக்கு அதுவே பிடித்திருந்தது.

மூன்றரைக்கு வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது. முழங்கை வரை வளையல் அடுக்கிய மகள், அவள் கன்னத்தில் சந்தனம் பூசும் அக்காவின் கை. அந்தப் படத்தின் அளவில் மட்டும் நான் கை வைக்கவில்லை.