ஐந்து நாள் காணும் என்று சொன்ன வாய்

எங்கள் அரிசி ஆலையில் லீவு கேட்க ஒரு முறை இருந்தது. மூன்று நாள் வேண்டுமென்றால் ஒரு நாள் கேட்பது. மிச்சத்துக்கு நிற்பது. அமிர்தகழிக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு ஒரு நாள் என்று சொல்லிப் போனவன் மூன்றாம் நாள் நெற்றியில் திருநீறோடு வந்து நிற்பான். “பாதை பூட்டுச் சேர்” என்பான். பாதை உண்மையாகவே பூட்டித்தான் இருந்திருக்கும், இல்லையென்றாலும் யார் போய்ப் பார்ப்பது? சண்டைக் காலம். முகாமையாளரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அப்படியே பழகிப் போனோம். கூடக் கேட்டால் கொழுப்பு, குறைத்துக் கேட்டால் மரியாதை.

நான் அங்கே பொயிலர் எரிக்கிறவன். நெல் அவிக்க ஆவி வேண்டும், ஆவிக்கு நெருப்பு வேண்டும், நெருப்புக்கு உமி. உமி எரிகிற சத்தம் கடல் இரைகிற மாதிரி இருக்கும். இப்போதும் காதில் அந்த இரைச்சல்தான். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை, கையெழுத்து மட்டும் போடப் பழகினேன். ஆனால் ஆவி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று முள்ளைப் பார்க்காமலே சொல்லுவேன். அதனால்தான் என்னை விட்டால் ஆளில்லை என்றார்கள். அந்தப் பெருமைதான் என்னைத் தின்றது என்றும் சொல்லலாம்.

மகளுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசினோம். அவர் அகதியாய்ப் போனவர், இங்கே திரும்பி வர ஏலாது. அந்த நாளில் எல்லோரும் செய்ததைத்தான் நாங்களும் செய்தோம். மாப்பிள்ளை அங்கிருந்து திருச்சிக்கு வருவது, பெண் வீடு கொழும்பிலிருந்து திருச்சிக்குப் பறப்பது, அங்கே ஒரு மண்டபத்தில் தாலி கட்டுவது. செப்டம்பர் பத்தாந் திகதி, காலை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் முகூர்த்தம்.

அரசாங்க ஆலை. வெளிநாடு போக லீவென்றால் முகாமையாளர் தனியே தர ஏலாது. அவர் சிபாரிசு எழுதிக் கொழும்புத் தலைமைக் கந்தோருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து அனுமதிக் கடிதம் வர வேண்டும். அதன் பிரதியை விசாவுக்கும் வைக்க வேண்டும். ஆகவே அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு அருகில் தட்டெழுத்து மெசினோடு இருந்த பெட்டிசன் காக்காவிடம் போனேன். காத்தான்குடி முஸ்லிம், ஊருக்கே காக்கா, அண்ணன் மாதிரி. கடதாசியை மெசினில் சுருட்டிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“எத்தின நாள் தம்பி?”

“மூண்டு நாள் போடுங்க காக்கா.”

“மூண்டு நாளா? நீ இந்தியாவுக்குப் போறயா, ஏறாவூர்ச் சந்தைக்குப் போறயா?”

“கூடக் கேட்டா சேர் என்ன நினைப்பார்? கொஞ்சமாக் கேட்டுட்டு மறுகா நிண்டுக்கலாம்.”

“இது அப்பிடி நிக்கிற லீவில்ல. கொழும்பில திகதி போட்டு வரும். ரெண்டு கிழமை, பதினாலு நாள் கேளு. ஒண்டாந் திகதியே வெளிக்கிடு. மகள்ற கலியாணம், மனிசன் இல்லண்டா சொல்லுவான்?”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேரம் பேசினோம். லீவுக்குப் பேரம் பேசின ஆள் நான் ஒருவன்தான் இருப்பேன், அதுவும் குறைத்துப் பேசினவன். கடைசியில் ஐந்து நாளில் நின்றோம். எட்டாந் திகதி விடிய பஸ், பொழுதுபட முதல் கொழும்பு. ஒன்பது பிளேன். பத்து கலியாணம். பதினொன்றும் பன்னிரண்டும் திரும்பி வர. விரலில் எண்ணினால் சரியாகத்தான் வந்தது. காக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே அடித்தார். வாசித்தும் காட்டினார்.

“மதிப்புக்குரிய முகாமையாளர் ஐயா அவர்களுக்கு, எனது மகளின் திருமணம் எதிர்வரும் செப்டம்பர் மாதம் பத்தாந் திகதி இந்தியாவில், திருச்சியில் நடைபெறவுள்ளது. தந்தையாகிய நான் அதில் இருக்க வேண்டியிருப்பதால், செப்டம்பர் எட்டாந் திகதி முதல் பன்னிரண்டாந் திகதி வரை, இரண்டு நாட்களும் உட்பட, ஐந்து நாட்கள் வெளிநாட்டு லீவு தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதின்மூன்றாந் திகதி காலை கடமைக்குத் திரும்புவேன். எனக்குப் பதிலாக ஓட்டமாவடி ஆலையின் பொயிலர்காரர் அந்த ஐந்து நாளும் வேலை பார்க்கச் சம்மதித்துள்ளார்.”

இத்தனை வருசத்துக்குப் பிறகும் மனப்பாடம். அதில் ஒரு பிழை இல்லை. அதுதான் பிழை.

முகாமையாளர் இரண்டு தரம் வாசித்தார். “ஐஞ்சு நாள் காணுமா?” என்று கேட்டார். ஒரு வாய் வார்த்தை. ‘காணாது சேர், போதாது’ என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்?

“காணும் சேர். ஆலையும் பார்க்கணுமே” என்றேன்.

கொழும்பிலிருந்து மூன்றாம் கிழமை கடிதம் வந்தது. எட்டு முதல் பன்னிரண்டு, முத்திரை குத்தி. மனைவியையும் மகளையும் மச்சான், என் மனைவியின் தம்பி, ஆகஸ்ட் கடைசியில் கூட்டிக்கொண்டு போனார். என் பாஸ்போட்டும் டிக்கட்டும் கொழும்பில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வைத்திருந்தது. பஸ்ஸில் ஏறும்போது மகள் கேட்டாள்: “அப்பா, இப்பவே வாங்களன்?”

“எட்டாந் திகதி எண்டு எழுதிக் குடுத்தாச்சி மனே. எழுதினது எழுதினதுதான்.”

ஐந்தாந் திகதி கரடியனாற்றுப் பக்கம் சண்டை தொடங்கிவிட்டதென்று நெல் கொண்டு வந்த லொறிக்காரன் சொன்னான். கொழும்புப் பாதையைப் பூட்டப் போகிறார்கள் என்றும் சொன்னான். நான் கந்தோருக்கு ஓடினேன். உடம்பெல்லாம் உமித் தூள்.

“சேர், இண்டைக்கே வெளிக்கிட உடுங்க. மூண்டு நாளுக்கு முந்தி.”

“ஓட்டமாவடி ஆள் எட்டாந் திகதிதானே வாறார்? அவிக்கிற நெல் தொட்டிக்குள்ள இரிக்கு. ஊறின நெல் நாறிப்போகும். யார் எரிக்கிற?”

“பாதை பூட்டினா என்ர பிள்ளைக்கு ஆர் சேர்?”

“நான் என்ன செய்யிற? திகதியை நான் போடல்ல. நீங்கதான் எழுதித் தந்தீங்க. காணுமா எண்டும் கேட்டன்.”

சொல்லாமல் ஓடியிருக்கலாம். வேறொருவன் ஓடியிருப்பான். நான் இருபது வருசம் எரித்த அடுப்பிடம் திரும்பிப் போய் உமி தள்ளினேன். அந்த நெல் நன்றாக அவிந்தது. ஒரு மூட்டை பழுதில்லை.

ஏழாந் திகதி பாதை பூட்டினார்கள். எட்டாந் திகதி பையோடு நின்றேன், பஸ் இல்லை. ஒன்பதும் இல்லை. பத்தாந் திகதி விடியத் திறந்தார்கள். முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர ஏலாதென்று தெரிந்தும் ஏறிப் போனேன். ஓட்டமாவடி தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். என் பையைக் கொட்டி, மகளுக்காக வாங்கின சீலையை உதறிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவரிடம் நேரம் கேட்டேன். ஏழு மணி கழிந்துவிட்டது என்றார். தாலி ஏறியிருக்கும். சீலையை மடித்து வைத்தேன். எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன்.

பதினோராந் திகதி காலை ஆலைக்குப் போனேன். முகாமையாளர் நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் லீவு இரிக்கே?”

“இரிக்கட்டும் சேர்.”

மகள் திருச்சியிலிருந்தே விசா எடுத்துக் கனடாவுக்குப் போனாள். மனைவி ஒரு வீடியோ கசெட்டோடு திரும்பி வந்தாள். ஊரெல்லாம் பார்த்தது. தாரை வார்க்கிற இடத்தில் மச்சான் நிற்கிறார், கையில் செம்பு. மகள் அடிக்கடி வாசல் பக்கம் பார்க்கிறாள். கமராக்காரன் “இங்க பாரும்மா, இங்க” என்கிறான்.

நான் ஒரு தரம்தான் பார்த்தேன். ஐந்து நாள் காணும் என்று சொன்ன வாயால் யாரைக் குறை சொல்ல?