3ஏ வீட்டுக் கைலி

புனிதா படிவம் ஐந்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். மந்தினுக்கு அப்பால் இருக்கும் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் சிரம்பானுக்கு வந்து, ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவில் தெரு கட்டுகிறாள். செங்கல்லும் கிடையாது, சிமெண்டும் கிடையாது. ஹூடினி என்ற மென்பொருளும் அவள் எழுதிய விதிகளும்தான். மனையை உயர்த்து, மாடி மாடியாக அறு. தரைத்தளம் என்றால் கடையும் காக்கி லீமா நடைபாதையும் வை, மேலே சன்னல் வை, உச்சியில் முகப்புச் சுவர் வை. எந்த நிறம், எந்தச் சன்னல், எத்தனை மாடி என்பதை மட்டும் ஹூடினி சீட்டுக் குலுக்கிப் போடும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண். அதே எண்ணைக் கொடுத்தால் அதே சீட்டுதான் விழும்.

போன வாரம் ஒரு தெருவைக் காட்டினாள். தயாரிப்பாளர் இந்துஜா சொக்கிப் போனார். ஏழாம் எண் நீல வீட்டில்தான் கதையின் தையல்காரர் குடியிருப்பார் என்று முடிவே செய்துவிட்டார். இன்று காலை செய்தி வந்தது: “மூணுக்கும் நாலுக்கும் நடுவுல ஒரு கோப்பிக் கடை வேணும். மூணு மணிக்கு வந்து பாக்குறேன்.”

புனிதா ஒரு மனையைச் செருகினாள். தெருவே வேஷம் மாறியது. தையல்காரர் வீடு மஞ்சளாகி, ஒரு மாடி வளர்ந்து, பல்லை இளித்தது.

“ஐயோ, டெய்லருக்கு லாட்டரி அடிச்சிருச்சு லா!” என்றான் பக்கத்து மேசை தர்மராஜ். கட்டடங்களைக் கையாலேயே செதுக்குகிறவன்.

முதலாளி ஜீவானந்தன் சிரிக்கவில்லை. “இங்க பார் பிள்ளை. மூணு மணிக்கு இது சரியா நிண்டா, கதையில வாற பதினொரு தெருவும் உன்ர கையில. நிக்காட்டி தர்மராஜ் கையால செய்யட்டும். நீ பழையபடி ரெண்டர் பாக்கப் போ.”

ரெண்டர் பார்ப்பது என்றால், கம்ப்யூட்டர் படம் வரைந்து முடிக்கும்வரை அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. எட்டு மாதம் பார்த்தாள். இனி முடியாது.

தவறு எங்கே என்று ஒரு கோப்பி முடிவதற்குள் பிடித்துவிட்டாள். சீட்டுக்கு அவள் கொடுத்த எண், தெருவில் இடமிருந்து வலமாக விழும் வரிசை எண். நடுவில் ஒருவர் நுழைந்தால் பின்னால் நிற்பவர் எல்லாருக்கும் ஒன்று கூடிவிடும். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். எதிர்வரிசைக் கடைகளில் 3, 3ஏ, 5. நாலு ராசியில்லை என்று எவனோ 3ஏ போட்டிருக்கிறான். அதற்காகப் பக்கத்துக் கடை தன் பலகையைக் கழற்றி மாட்டவில்லையே!

“வீட்டு நம்பர மாட்டி விட்டுட்டா முடிஞ்சுச்சு!” என்று கத்தினாள்.

பழைய தெருவுக்குப் போய், ஒவ்வொரு மனைக்கும் அதன் பழைய வரிசை எண்ணையே பெயர்ப்பலகையாக எழுதினாள். அதற்குப் பிறகே கோப்பிக் கடையைச் செருகி, ஊர் வழக்கப்படி அதற்கு 3ஏ என்று போட்டாள். சீட்டு இனிப் பலகையைப் பார்த்துத்தான் விழும். ஏழாம் வீடு நீலமானது. புனிதா நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மூன்று மணிக்கு இந்துஜா திரையில் மூக்கு உரச நின்றார்.

“டெய்லர் வீடு ஓகே. ஆனா இதென்ன, மூணாம் வீடும் கோப்பிக் கடையும் ரெட்டப் பிள்ளையா? அது யாரோட கைலி?”

புனிதாவுக்குக் காது சுட்டது. மூன்றாம் எண் வீட்டின் மாடியில் மட்டும் பூப்போட்ட பச்சைப் பாத்தேக் கைலி ஒன்று காயவேண்டும் என்று யாருக்கும் தெரியாமல் ஒரு விதி எழுதி வைத்திருந்தாள். லயத்தில் அவர்கள் வீடும் மூன்றாம் நம்பர்தான். சீட்டுக்கு எழுத்து ஆகாது. 3ஏ-வை எண்ணாக மாற்றியபோது ‘ஏ’ உதிர்ந்து வெறும் மூன்று நின்றுவிட்டது. இப்போது அடுத்தடுத்து இரண்டு கைலி, ஒரே மடிப்போடு.

ஜீவானந்தன் அவளைப் பார்த்தார். “நீயா?”

“நான்தான் பொஸ். ஒரு நிமிஷம்.”

பலகையில் 3ஏ-வை அழித்து, தெருவில் வேறு யாருக்கும் இல்லாத 100 என்று தட்டினாள். கோப்பிக் கடை மட்டும் புரண்டு, சிவப்புச் சன்னலோடு எழுந்து நின்றது. மற்ற எந்த வீடும் இமைகூட அசைக்கவில்லை. இந்துஜா 100-ஐ 101 ஆக்கச் சொன்னார். கடை பச்சையானது. 102, ஊதா. குழந்தை மாதிரி 109 வரை போனார். தையல்காரர் வீடு நீலமாகவே நின்றது.

“பதினொரு தெருவும் இப்படியே வேணும். கைலியும் இருக்கட்டும்,” என்றார்.

“பதினொண்டும் உனக்குத்தான் பிள்ளை,” என்றார் ஜீவானந்தன். தர்மராஜ் மேசையில் தாளம் போட்டான்.

புனிதா படியிறங்கும்போதே அம்மாவுக்குப் போன் அடித்தாள். சுங்கை காடுட் தொழிற்சாலையில் வேலை முடிந்து பஸ்ஸில் ஏறியிருந்த மயிலம்மாளிடம் விஷயத்தைக் கொட்டினாள்.

“எந்தக் கைலிடி?”

“பச்சை.”

“அடிப்பாவி, அது ஓரத்துல கிழிஞ்சிருக்கும். டிவியில போடுறவ புதுசப் போட்டிருக்கக் கூடாதா?”

“கிழிசலையும் போட்டிருக்கேம்மா,” என்றாள் புனிதா.