மார்கழியில் கூட்டிய மாத்திரை

மார்கழிக் குளிரில் விடியலிலேயே வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போய்வரும் என் வீட்டுக்காரருக்கு பிரஷர் எகிறியிருந்தது. "எல்லாம் இவ வாயால வந்தது" என்று டாக்டர் முன்னாலேயே என்மேல் பாய்ந்தார்.

"குளிர்ல ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும்ங்க. இப்போதைக்கு மாத்திரையைக் கூட்டறேன். வெயில் வந்ததும் கட்டாயம் வாங்க, குறைக்க வேண்டி வரலாம்" என்றார் டாக்டர்.

பங்குனி வெயில் கொளுத்தியது. போய்க் காட்டிட்டு வரலாமுங்க என்றால், "வாயை மூடு" என்பார். ஒருநாள் கொடிக்காலில் குனிந்து நிமிர்ந்தவர் தலைசுற்றி விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடினோம். பிரஷர் ஒரேயடியாக இறங்கிக் கிடந்தது. டாக்டர் அவரைத் திட்டிவிட்டு மாத்திரையைக் குறைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நாலு பேர் காதில் விழவே கேட்டேன்: "என் வாய் அப்படியேதானுங்க இருக்குது. பிரஷர் மட்டும் எப்படிங்க இறங்குச்சு?"